மாசி மகத்துக்கு வந்தவங்க

எம்ப்ரியோ வச்ச அன்னைக்கு பாண்டியிலருந்து கடலூருக்கு கார்லதான் போகணும்னு இவரு ஒத்தக்கால்ல நின்னாரு, நான்தான் வேணாம்னுட்டேன், வாசல்ல கார் வந்து நின்னா அத்த கேப்பாங்க, எதுத்த வீட்டு அக்கா கேப்பாங்க, ஒரு நாளும் இல்லாம இன்னைக்கு என்ன கார்னு. அதனால பஸ்லயே வந்தோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்னு எங்கெங்க ஸ்பீடு பிரேக்கர் வருமோ அங்கெல்லாம் முன் சீட்டு கம்பிய புடிச்சிகிட்டு லேசா எந்திரிச்சி எந்திரிச்சி உக்காந்தேன். டாக்டர் அவ்ளோ தெளிவா சொல்லித்தான் அனுப்புனாங்க, பஸ்ல குலுங்குனா விழாதும்மா, பாத்ரூம் போனா வெளிய வராதும்மா, கர்ப்பப்பை சுவரு ரெண்டும் ஒட்டிகிட்டுத்தான் இருக்கும், பெட் ரெஸ்ட்டெல்லாம் வேண்டியதே இல்லன்னு. புத்திக்கு புரியுது. கை கம்பிய விடமாட்டேங்குது.

வீட்டுக்கு வந்ததும் "கிரகப்பிரவேசம் எப்டி நடந்துச்சி"ன்னாங்க அத்த. நல்லா நடந்துச்சி அத்த, சாப்பாடுதான் சுமார்னு சொன்னேன். சேலை மாத்துற சாக்குல ரூமுக்குள்ள போய் ஸ்கேன் ரூம்ல குடுத்த அந்த போட்டோவ பாத்தேன், அஞ்சாம் நாள் கரு, வட்டமா, ஓரத்துல சின்னதா ஒரு கட்டி மாதிரி, அதுதான் குழந்தையா வளர்ற பகுதின்னு எம்ப்ரியாலஜிஸ்ட் பொண்ணு பேனாவால தொட்டு காட்டுச்சி. அத மடிக்காம இவரு வண்டி ஆர்சி புக் கவருக்குள்ள வச்சிட்டேன். அத அத்த தொடமாட்டாங்க.

ஏன் இவ்ளோ மறைக்கணும்னா, போன தடவ எல்லாருக்கும் சொன்னோம். பெரிய தப்புன்னு நான் சொல்லமாட்டேன், நம்ம மனுஷங்கதானே, ஆனா ரிசல்ட் நெகட்டிவ்னு வந்த அன்னைக்கு எனக்கு அழ நேரமே கெடைக்கல. அத்த பாடலீஸ்வரர் கோயில்ல வேண்டிகிட்டு இருந்தாங்க, அவங்க ஹால்லயே உக்காந்து அழுதாங்க, நான்தான் தண்ணி கொண்டாந்து குடுத்து முதுக தடவிவிட்டேன். எங்கம்மா போன்ல அழுதாங்க, அவங்களையும் நான்தான் தேத்துனேன். நாத்தனார் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் "எவ்ளோ செலவாச்சி"ன்னு கேட்டாரு. எல்லாருக்கும் சமாதானம் சொல்லி முடிச்சி ராத்திரி படுத்தப்ப என் துக்கம் எனக்கே மிஞ்சல, எல்லாரும் பங்கு போட்டு எடுத்துட்டு போயிட்ட மாதிரி இருந்துச்சி. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் ஒரே பதில்தான். "அதெல்லாம் விட்டுட்டோம், கடவுள் விட்ட வழி."

அத சொல்றது சுலபமா இருந்துச்சி, இந்த தடவ வரைக்கும். உள்ள ஒன்னு இருக்கும்போது அத சொன்னா வாய் கூசுது. யாராவது கேட்டு நான் விட்டுட்டோம்னு சொன்ன உடனே மனசுக்குள்ள, உன்ன இல்லம்மா, சும்மா அவங்களுக்காக சொன்னேன், நீ இருன்னு சொல்லிப்பேன்.

மாசி மகத்துக்கு பண்ருட்டியிலருந்து பெரியத்த வந்து எறங்குனாங்க, அத்தைக்கு அக்கா. வருஷா வருஷம் வருவாங்க, தேவனாம்பட்டினத்துல தீர்த்தவாரி பாத்துட்டு ஒரு வாரம் தங்கிட்டுதான் போவாங்க. ஒரு பையில முந்திரி, இன்னொரு பையில அவங்க தோட்டத்து பப்பாளி, ஆளு உயர சந்தோஷத்தோட. "மஞ்சு, மரத்துலயே பழுத்தது, தேன்டி"ன்னு வந்த அன்னைக்கே வெட்டி தட்டுல வச்சி என் கையில குடுத்துட்டாங்க.

பழுத்த பப்பாளி ஒன்னும் பண்ணாதுன்னு எனக்கு தெரியும், பால் வடியுற காய்தான் ஆகாதும்பாங்க. ஆனா தெரிஞ்சி என்ன, அந்த நேரத்துல கண்ணு முன்னாடி வேற எதுவும் நிக்கல. வேணாம்னு சொன்னாலும் ஆபத்து, ஏன்னா பப்பாளி வேணாம்னு ஒரு கல்யாணமான பொண்ணு சொன்னா அதுக்கு அர்த்தம் என்னன்னு நம்ம வீட்டு பெரியவங்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல, பெரியத்த அந்த செகண்டே கண்டுபுடிச்சி பண்ருட்டிக்கு போன் போட்டுருவாங்க. சிரிச்சிகிட்டே ஒரு துண்ட வாயில வச்சேன். முழுங்கல. தட்டோட பின்பக்கம் போய், துணி காயுதான்னு பாக்குற மாதிரி, துப்பிட்டு மீதிய காம்பவுண்டுக்கு அந்தாண்ட நின்ன மாட்டுக்கு போட்டேன். திரும்பி வந்தா "அதுக்குள்ள தின்னுட்டியா, இன்னும் வெட்டவா"ங்கறாங்க.

ராத்திரி அதவிட கஷ்டம். புரோஜெஸ்ட்ரான் ஊசி எண்ணெய்ல கலந்தது, இடுப்புக்கு கீழ சதையில போடணும், கிளினிக் நர்ஸ்கிட்ட கத்துகிட்டு இவரேதான் போடுறாரு. ஹால்ல ரெண்டு பேரும் பாய் விரிச்சி படுத்திருக்காங்க, எங்க ரூம் கதவோ தாழ்ப்பாள் சரியா விழாத கதவு. ஃபேன அஞ்சுல வச்சிட்டு, ஆம்பியூல உள்ளங்கையில வச்சி கொஞ்ச நேரம் சூடு பண்ணுவாரு, அப்பதான் எண்ணெய் இளகும். அது கழுத்த உடைக்கிறப்ப டிக்குன்னு ஒரு சத்தம் வரும், சரியா அந்த நேரத்துல நான் இருமணும். ஊசி உள்ள எறங்க எறங்க தலகாணிய கடிச்சிப்பேன். முன்னாடி போட்ட எடமெல்லாம் கட்டி கட்டியா இருக்கும், எங்க இளசா இருக்குன்னு வெரலால அமுக்கி அமுக்கி தேடுவாரு, அப்ப அவரு கை நடுங்கும். காலி ஆம்பியூல பேப்பர்ல சுத்தி காலைல சாப்பாட்டு பையில எடுத்துட்டு போயிடுவாரு. ஒரு நாள் "பாப்பாவுக்கு குட்நைட் சொல்லு"ன்னாரு. வேணாங்க, பேரு வைக்காதீங்க, கூப்டாதீங்கன்னு அழுதுட்டேன். நான் தனியா இருக்கும்போது கூப்டுறது அவருக்கு தெரியாது.

மார் வலிக்குது, அடிவயிறு இழுக்குது, மத்தியானம் கண்ண கட்டுது. இதுல எதையும் நம்பக்கூடாது, எல்லாம் அந்த மருந்தே பண்ற வேலை, கரு ஒட்டுனாலும் இப்டித்தான் இருக்கும், ஒட்டலன்னாலும் இப்டித்தான் இருக்கும். தெரிஞ்சும் காலைல கண்ணு முழிச்ச உடனே மார தொட்டு பாப்பேன். வலி இருந்தா அன்னைக்கு தோசை நல்லா வரும். வலி கொறஞ்ச மாதிரி இருந்தா வேலையே ஓடாது.

மகத்துக்கு முந்துன நாள் பாத்ரூம்ல பாத்தேன், பழுப்பா ஒரு கறை. காபி சிந்துன அளவுதான். கால்ல தெம்பே இல்ல. வெளிய பெரியத்த "குளிச்சிட்டியா, நான் போகணும்"னு கதவ தட்டுறாங்க. குழாய தொறந்து பக்கெட்டுல தண்ணி விழுற சத்தத்துல கிளினிக் நம்பருக்கு அடிச்சேன். நர்ஸக்கா நிதானமா கேட்டாங்க, செகப்பா, பழுப்பா, துணி வைக்கிற அளவா, வலி பயங்கரமா இருக்கா. இல்லக்கான்னேன். "இது ஒட்டுறதால இருக்கலாம், உள்ள வைக்கிற மாத்திரையால இருக்கலாம், ஒன்னுமே இல்லாமயும் இருக்கலாம். மருந்த மட்டும் நீயா நிறுத்தாத. வீட்ல கார்டு வாங்கி டெஸ்ட் பண்ணி மனச கெடுத்துக்காத. தேதிக்கு வந்து பிளட் குடு." போன வச்சிட்டு முகத்துல தண்ணிய அடிச்சிகிட்டு வெளிய வந்தேன். கண்ணு ஏன் செவந்திருக்குன்னாங்க. ஷாம்பு பட்டுடுச்சி பெரியத்தன்னேன்.

மகத்தன்னைக்கு பீச்சுல மணல் தெரியாத அளவுக்கு கூட்டம். சுத்துப்பட்டு கோயில் சாமியெல்லாம் வரிசையா வந்து நிக்குது, மேளம், கற்பூர வாசனை, ஒரு பக்கம் தர்ப்பணம் குடுக்குறவங்க. அத்த என் கைய புடிச்சி கடல்ல எறக்குனாங்க, முட்டி வரைக்கும் போதும்னு நின்னுட்டேன். அல வர்றப்பல்லாம் கை தானா வயித்துக்கு போகுது, சட்டுனு கொசுவத்த சரி பண்ற மாதிரி மாத்திப்பேன். அத்த தலையில தண்ணி தெளிச்சி கண்ண மூடி ரொம்ப நேரம் என்னமோ வேண்டுனாங்க. என்ன வேண்டுறாங்கன்னு எனக்கு தெரியாதா. மூனு அடி தள்ளி நின்னுகிட்டு இவங்ககிட்ட சொல்லாம இருக்கேனேன்னு தொண்ட அடச்சிகிச்சி. சொல்லிருந்தா நல்லாருந்திருக்குமோன்னு இன்னைக்கும் தோணுது, ஆனா மறுபடி அந்த தண்ணி சொம்ப தூக்கிட்டு போய் நிக்க என்னால முடியாது.

கரையில உக்காந்து சுண்டல் சாப்பிடுறப்ப பெரியத்த ஆரம்பிச்சாங்க, யாரோ தத்து எடுத்தாங்களாம், நல்லா இருக்காங்களாம், "நீங்கதான் வைத்தியத்த விட்டுட்டீங்களே, யோசிக்கலாம்ல". பக்கத்து குடும்பம் வரைக்கும் திரும்பி பாத்துச்சி. தத்து எடுக்குறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல, நாங்களே பேசியிருக்கோம். ஆனா அன்னைக்கு, அந்த கறைய பாத்த மறுநாள், "ஆமா விட்டுட்டோம்"னு வாயில வரவே இல்ல. சுண்டல் பொட்டலத்தையே பாத்துகிட்டு இருந்தேன். இவருதான் "பெரிம்மா, சாமி கெளம்புது பாருங்க"ன்னு பேச்ச மாத்துனாரு.

பிளட் குடுக்க பாண்டிக்கே போனோம், மஞ்சக்குப்பம் லேப்ல குடுத்தா தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க. வீட்ல பேங்க் வேலைன்னு சொன்னோம். ரிசல்ட் மத்தியானத்துக்கு மேல போன்ல சொல்றோம்னாங்க. அஞ்சுக்கு கீழ இருந்தா இல்ல, அதுக்கு மேல போகப் போக நல்லதுன்னு பஸ் ஏறுற வரைக்கும் மனசுக்குள்ளயே கணக்கு போட்டேன். ஜன்னல் சீட்டு. கிருமாம்பாக்கம் தாண்டுறப்ப இவரு போன் அடிச்சிது. முன் சீட்டுல எங்க தெருக்காரர் ஒருத்தர். இவரு "ம், ம், சரிங்க மேடம், ம்"னு மட்டும் சொல்றாரு, முகத்துல ஒன்னும் தெரியல, எனக்கு காது ரெண்டும் அடச்சிபோச்சி. வச்சிட்டு, போன்ல டைப் பண்ணி என் மடியில நீட்டுனாரு.

186. நாளான்னைக்கு மறுபடி பாக்கணுமாம், டபுள் கிட்ட ஏறணுமாம்.

நான் அவரு கைய புடிக்கல, அழல, அந்த நம்பரையே ஸ்கிரீன் அணையுற வரைக்கும் பாத்தேன், அணைஞ்சதும் தட்டி திரும்ப பாத்தேன். தெருக்காரர் திரும்பி "என்ன தம்பி, பாண்டிக்கா"ன்னாரு. இவரு "ஆமாண்ணே, பேங்க்"குன்னாரு, கொரல் ஒடஞ்சிபோச்சி, இருமி சமாளிச்சாரு.

வீட்ல பெரியத்த பைய கட்டி வச்சிட்டு பண்ருட்டி கெளம்ப ரெடியா இருந்தாங்க. கால்ல விழுந்தேன். குங்குமம் வச்சிவிட்டு, கன்னத்த தடவி, "நான் சொன்னத மனசுல வச்சிக்கோடி. விட்டதுதான் விட்டீங்க…"

"விடல பெரியத்த."

அத்த சமையக்கட்டு வாசல்ல அப்படியே நின்னுட்டாங்க. இவரு என்ன பாத்தாரு.

"இன்னும் விடல. இப்போதைக்கு ஒன்னும் கேக்காதீங்க, சொல்ற நேரம் வந்தா நானே போன் பண்றேன்."

பெரியத்த என்னையும் அத்தையையும் மாறி மாறி பாத்தாங்க. "சரிடி, கேக்கல"ன்னு சொல்லிட்டு, மீதி இருந்த பப்பாளிய தட்டுலருந்து எடுத்து அவங்க பையிலயே வச்சிகிட்டாங்க.