பதில்: வல்லம் வாங்கும் விஷயம்

காளி,

உன் மெயிலை நேற்று ராத்திரி படித்தேன், காலையில் கம்பெனிக்கு வந்ததும் இன்னொரு தடவை படித்தேன். போனில் கேட்டிருந்தால் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். கணக்கெல்லாம் போட்டு, வல்லத்தின் போட்டோவும் பதிவுச் சான்றும் சேர்த்து இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய் என்றால் எத்தனை நாள் யோசித்திருப்பாய் என்று தெரிகிறது. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

வல்லம் வாங்க நீ கடனாகக் கேட்ட இரண்டு லட்சம் என்னால் தர முடியாது, மாப்ளே. பாதியும் முடியாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி வைத்தால் நீ அதை நம்பி வல்லத்தை விற்கிற வேதாளைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடுவாய்.

பணமே இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேங்கில் டெபாசிட் கிடப்பது உனக்கே தெரியும், அதைப் போடப் போன அன்று நீயும் கூட வந்தாய். அது ஜெனிபருக்காக எடுத்து வைத்தது. ஜூன் மாதம் நர்சிங்கில் சேர்க்க வேண்டும், அதிலிருந்து நான்கு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் என்று போய்க்கொண்டே இருக்கும். ‘ஆகஸ்டுக்குள் திருப்பிவிடுவேன், இரண்டாவது தவணைக்கு உதவும்’ என்று நீ இந்நேரம் மனசுக்குள் பதில் தயார் பண்ணியிருப்பாய். உன்னைத் தெரியாதா! நான் பத்துக் காரணம் அடுக்கினால் பத்துக்கும் வழி சொல்லுவாய். அதனால் காரணத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு பண்ணியாகிவிட்டது.

ரெஜினாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அவளிடம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. இந்த மாதிரி விஷயத்தை அவளுக்கு மறைத்துப் பழக்கமில்லை. ஆனால் அவள் தடுத்ததால்தான் மறுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. அவளிடம் பேசுவதற்கு முன்பே எனக்கு இதுதான் பட்டது. நகையை வைத்தாவது புரட்டித் தர முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் இதேதான். பேங்கில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் முடியாது. பின்னால் அது ஒன்று பாக்கியிருக்கிறதே என்று நீ கேட்டு, நான் திரும்பவும் மறுக்கிற சங்கடம் வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் இப்போதே சொல்கிறேன்.

வட்டியோடு தருகிறேன் என்று எழுதியிருந்த இடம் மட்டும் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. உன்னிடம் வட்டி வாங்கிக்கொண்டு நான் உன் வீட்டில் உட்கார்ந்து மாரித் தங்கச்சி கையால் நண்டுக் குழம்பு சாப்பிட முடியுமா?

நான் தினமும் பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். எங்கள் நண்டுக் கம்பெனி நோட்டில், நண்டு போடுகிறவர்களுக்குக் கொடுக்கிற முன்பணத்துக்கென்று தனிப் பக்கம் உண்டு. அதில் பேர் ஏறாத வரைக்கும் நேராக என் மேசைக்கு வந்து, டீ சொல்லு என்று உரிமையோடு உட்காருவார்கள். பேர் ஏறிய பிறகு அதே ஆள் வாசலில் நின்றுகொண்டு பையனை விட்டு நண்டை எடை போடச் சொல்லுவார். நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டேன், கேட்கப் போவதும் இல்லை. ஆனாலும் அவர் கண் என்னைத் தாண்டித்தான் போகும். கம்பெனிப் பணத்துக்கே இப்படி. என் பணமாக இருந்தால் நீ தேவிபட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதையே குறைத்துவிடுவாய். நானும் உன் வீட்டில் புது டிவியைப் பார்த்தால் மனசுக்குள் கணக்குப் போடுவேன். நான் பெரிய உத்தமன் ஒன்றும் இல்லை, கட்டாயம் போடுவேன்.

சரி, இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ கேட்டது பணம், கணக்கைப் பற்றி அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன், பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

யோசனை நல்ல யோசனைதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த 61 நாளும் வல்லம் மாதிரி நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருகிற சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும். அதற்கு முன்னால் வல்லத்தை இறக்கிவிட வேண்டும் என்று நீ துடிப்பது சரி. அடுத்தவன் படகில் இத்தனை காலம் கூலிக்குப் போனவனுக்குச் சொந்தத் தொழில் வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

இடிக்கிற இடம் மாதம் ஐம்பதாயிரம் வீதம் நான்கு மாதத்தில் அடைத்துவிடுவேன் என்கிற இடம். வருகிற மொத்தத்தையும் உன் வருமானமாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிய வேண்டும். மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கூட வருகிற ஆட்களுக்குப் பங்கு. அந்த ஆட்களின் பங்கை உன் தாளில் எங்கேயும் காணோம். அப்புறம் காற்று. எச்சரிக்கை வந்தால் இறங்க விட மாட்டார்கள். தென்கடல் அடித்தால் வடகடலில் போட்டுக்கொள்ளலாம் என்பாய், இரண்டும் அடிக்கிற வாரம் உனக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. மொத்தம் 3,60,000 என்று போட்டிருக்கிறாய்: வல்லமும் இன்ஜினும் சேர்த்து 2,40,000, இன்ஜின் வேலைக்கு 25,000, வலைக்கு 60,000, முதல் மாதச் செலவுக்கு 35,000. கையில் 1,60,000. இதை எல்லாம் ஒரே நாளில் ரொக்கமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

அப்பாவின் நண்டு வலை பின்கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. மிதவை, ஈயம் எல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று கட்டில் எலி கடித்திருக்கிறது, அதைக் கோத்துக்கொள்ளலாம். எனக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, விற்கவும் மனசில்லை. நீ எடுத்துக்கொள். இது கடன் கணக்கில் வராது, திருப்பித் தர வேண்டாம். என் கணக்குப்படி வலைச் செலவில் நாற்பதாயிரமாவது குறையும்.

முதல் மாதச் செலவுக்கு மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். அதில் வல்லம் வாங்க முடியாது, எண்ணெய், ஐஸ், ஆள் செலவுக்கு வாங்கலாம். சங்க உறுப்பினர் அட்டை, நலவாரிய அட்டை, ஆதார், பேங்க் புத்தகம் நான்கையும் எடுத்து வை. மனுவை நான் எழுதித் தருகிறேன், பேங்குக்கும் கூட வருகிறேன். கிடைக்கக் கொஞ்ச நாள் இழுக்கும், அதனால் இந்த வாரமே கொடுத்துவிடலாம்.

இன்ஜினுக்கு 25,000 வேலை இருக்கிறது என்றால் அதை விலையில் குறைக்கச் சொல்ல வேண்டியது தானே? அந்த வல்லம் மூன்று மாதமாகக் கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பங்குனிக்குள் பணம் வர வேண்டும் என்று அவர் கெடு வைப்பது உன்னை அவசரப்படுத்தத்தான். வாங்க வரிசையில் ஆள் நின்றால் இவ்வளவு நாள் வெயிலில் கிடக்குமா? மீதி ஏறக்குறைய ஒரு லட்சம் இடிக்கும். அதை ஜூலையில் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். பேச நான் வருகிறேன், எனக்கு அவரைக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒத்துக்கொள்வார் என்று உறுதி சொல்ல முடியாது. எதுவானாலும் பதிவு மாற்றத்துக்கான கையெழுத்தை முதல் பணம் கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். பதிவு உன் பேருக்கு வராவிட்டால் மானிய மண்ணெண்ணெய் உனக்கு வராது, வெளி விலைக்கு வாங்கி ஓட்டினால் கட்டுப்படியாகாது.

நான் மறுத்துவிட்டேன் என்று எந்த வியாபாரியிடமும் முன்பணத்துக்குப் போய் நிற்காதே. எங்கள் கம்பெனியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த மெயிலை யாருக்கும் காட்டிவிடாதே. வட்டியே இல்லை என்று சிரித்துக்கொண்டு கொடுப்பார்கள். அப்புறம் நண்டை அவர்களுக்கு மட்டும்தான் போட வேண்டும், வெளி விலையைவிடக் கிலோவுக்கு இவ்வளவு குறைவு என்று அவர்களே வைப்பார்கள். அது எந்தத் தாளிலும் வட்டி என்று இருக்காது. மீட்டர் வட்டிக்காரனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் மச்சினன் பட்டது போதும்.

இவ்வளவும் செய்து கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இந்தத் தடைக்காலத்துக்குள் வல்லம் இறக்க முடியாமல் போகலாம். அது உனக்கு வருத்தமாக இருக்கும், என் மேல் கோபமும் வரும். நாலு நாள் பேசாமல் இருக்க வேண்டும் போல இருந்தால் இரு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்தாவது நாள் நானே கூப்பிடுவேன். அந்தோணி கை விரித்துவிட்டான் என்று மாரித் தங்கச்சியிடம் நீயே சொல்லிவிடு. அது வேறு யார் வாயிலாவது போய்ச் சேர்ந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேதாளைக்குப் போகலாமா? மண்டபத்தில் இன்ஜின் வேலை பார்க்கிற என் சித்தப்பா மகனையும் வரச் சொல்கிறேன். இன்ஜினைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் கொடுக்காதே. சனிக்கிழமை ராத்திரிக்குள் வருவதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை எழுது, அவன் வேறு வேலை ஒத்துக்கொள்வதற்குள் சொல்ல வேண்டும். வலை எடுக்க வரும்போது பைக்கில் வராதே, குட்டியானை ஏதாவது பிடித்து வா, ஒரே நடையில் ஏறாது.

அந்தோணி