திரும்பியிருந்த பூக்கல்

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்குக் கருப்பையா ராக்காவலுக்கு வந்து நாலு வருஷம். வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், படைப்பு என்றால் மட்டும் வருவார்கள். இரவு எட்டு மணிக்கு வந்து முகப்பு விளக்கைப் போட்டால், விடியும்வரை அவரும் பர்மாத் தேக்குத் தூண்களும்தான்.

அதற்கு முன்னால் காரைக்குடியில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். பிளக்ஸ் வந்ததும் பிரஷ் காய்ந்துபோனது. காவல் சம்பளம் எட்டாயிரம், இருபதாம் தேதியைத் தாண்டாது.

ஒருநாள் வெள்ளெனவே வந்து, ட்யூட்டி நோட்டின் பின்பக்கம் யாளி ஒன்றைக் கிறுக்கிக்கொண்டிருந்தார். தெருவில் பந்தடித்த பையன் எட்டிப் பார்த்தான். "தாத்தா, எனக்கு ஒண்ணு." மறுநாள் மூன்று பேர். அடுத்த வாரம் ஏழு.

வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டார். "திண்ணை சும்மாதானே கிடக்கு கருப்பையா, சொல்லிக் குடு. பூக்கல்லுல மட்டும் கலர் படக்கூடாது."

பூக்கல்தான் பாடமே ஆனது. கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றி ஆத்தங்குடியில் செய்கிற தரைக் கல். ஒற்றைக் கல்லைப் பார்த்தால் மூலையில் கால் பூதான் இருக்கும். நாலு சேர்ந்தால்தான் முழுப் பூ. கட்டம் போட்ட தாளில் கால் பூவை வரையவைத்து, நாலு பிள்ளைகளின் தாள்களைச் சேர்த்து வைப்பார். கோடு ஒட்டாவிட்டால் யார் பிசகினார்கள் என்று அவர்களே கத்திக்கொள்வார்கள். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

காசு பேச்சை எடுக்க அவருக்கு நா எழவில்லை. முறுக்கு வந்தது, ஒரு கொட்டான் நிறைய மாவுருண்டை வந்தது. பென்சில் செலவு அவர் தலையில். கடைசியில் கொட்டான் பின்னுகிற ஒரு பெண்தான், "அண்ணே, நீங்க கேக்கவும் மாட்டீங்க, நாங்களாக் குடுத்தா ஆளுக்கொரு தொகையா வரும். மாசம் நூத்தம்பதுன்னு வைங்க" என்று முடித்துவிட்டாள். சனி, ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு. இப்போது பதினோரு பிள்ளைகள், ஆயிரத்து அறுநூற்றைம்பது. பெரிய தொகையா? இல்லை. ஆனால் மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் வந்துவிடுகிறது. மளிகைக் கடை நோட்டில் மூன்று மாதமாக அவர் பெயருக்கு நேரே பாக்கி விழவில்லை.

போன ஞாயிறு அந்தப் பெண்ணின் மகள் கேட்டாள்.

"தாத்தா, உள்ள ரெண்டாவது தூண்கிட்ட ஒரு கல்லு திரும்பி இருக்கு. பூ சேரல."

"நாலு வருஷமா பாக்குறேன், அப்படியெல்லாம் இல்லை."

"இருக்கு."

ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக விளக்கடித்தார். இருந்தது. மூன்று கால் பூ உள்நோக்கி, ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு.