பேச்சியம்மாள் குடும்பத்தாருக்கு மருத்துவர் எழுதிய கடிதம்

பாளையங்கோட்டை
28.06.2025

அன்புள்ள முருகேசன் அவர்களுக்கும் செல்வராணி அவர்களுக்கும்,

வணக்கம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்திருந்த சொந்தபந்தங்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். கூட்டம் இருக்கும்போது இந்தக் கடிதம் வந்தால் படிக்க முடியாது, நாலு பேர் வாங்கிப் பார்ப்பார்கள் என்றுதான் இதுவரை எழுதவில்லை. உங்கள் அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மருத்துவமனை சார்பில் அனுப்பும் கடிதம் இல்லை இது. அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவள் என்ற முறையில் நானே எழுதுகிறேன்.

ஜூன் 10 காலையில், ஐ.சி.யு. வாசலில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க டாக்டர்? இன்னைக்கு டிஸ்சார்ஜுன்னுதானே சொன்னீங்க?" இரண்டு மூன்று வாக்கியத்தில் ஏதோ சொன்னேன். அது உங்கள் காதில் விழுந்திருக்காது. அந்த நேரத்தில் யார் காதிலும் விழாது. அதனால் நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

அன்று காலை 5.40 வாக்கில் செல்வராணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வாக்கரைப் பிடித்து நடந்து அம்மா கழிவறைக்குப் போய்வந்தார். கட்டிலில் வந்து உட்கார்ந்ததும் மூச்சு முட்டுகிறது என்றார். உடம்பெல்லாம் வேர்த்தது. செல்வராணி மணியை அடித்துவிட்டு, அது போதாதென்று வராந்தாவுக்கு ஓடிவந்து நர்ஸைக் கூப்பிட்டார். இரவுப் பணி மருத்துவர் வந்து பார்க்கும்போது ஆக்சிஜன் அளவு 78 இருந்தது. இரத்த அழுத்தம் கருவியில் பதியவே இல்லை. 6 மணிக்கெல்லாம் ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டார்கள். என் வீடு மருத்துவமனைக்குப் பின்தெருதான் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டேன். அப்போது அம்மாவுக்கு நினைவு இருந்தது.

6.15-க்கு இதயம் நின்றது. மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியைத் தொடங்கினோம். அதற்கு நடுவிலேயே எக்கோ கருவியை வைத்துப் பார்த்தபோது இதயத்தின் வலப்பக்கம் பலூன் மாதிரி ஊதியிருந்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த எக்கோவில் அந்தப் பக்கம் இயல்பாக இருந்தது. காலில் உண்டான இரத்தக்கட்டி ஒன்று இரத்த ஓட்டத்தோடு மேலே ஏறி, நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயை அடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டோம். ஆபரேஷன் முடிந்து ஐந்தே நாள் ஆன உடம்பில் அந்த ஊசி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். தெரிந்துதான் போட்டோம், அந்த நிலையில் வேறு வழி இருக்கவில்லை. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும் என்பதால், வழக்கத்தைவிட நீண்ட நேரம், ஆள் மாற்றி ஆள் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தோம். இதயம் திரும்பத் துடிக்கவில்லை. 7.35-க்கு நிறுத்தினோம்.

முருகேசன், நீங்கள் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது 6.45. உள்ளே விடவில்லை என்று உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் அது நியாயம்தான். ஆனால் அதற்கு அரை மணி நேரம் முன்பே அம்மாவுக்கு நினைவு போய்விட்டது. அம்மா உங்களைத் தேடிக்கொண்டு உள்ளே கிடந்தார், நீங்கள் வெளியே நின்றீர்கள் என்று நினைத்து மருக வேண்டாம். அப்படி நடக்கவில்லை. மூச்சுத் திணறி அவர் கஷ்டப்பட்டார், அதை மறைக்க மாட்டேன். அது அரை மணி நேரத்துக்கும் சற்றே கூடுதலாக இருந்தது. கடைசிப் பத்து நிமிடம் அரை மயக்கம்தான். அதற்குப் பிறகு நாங்கள் செய்த எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பிரேதப் பரிசோதனை செய்யாததால் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் திடீரென்று வந்த விதம், எக்கோவில் கண்டது, ஆபரேஷன் முடிந்த நாள் கணக்கு எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. மாரடைப்பு இல்லை. சாப்பாடு, மாத்திரை எதுவும் காரணம் இல்லை.

இனி, செல்வராணி, இது உங்களுக்கு. 'நான் நடக்கவைத்திருக்கக் கூடாது' என்று அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களை மறுநாளே எழுப்பி நடக்கவைக்கச் சொல்வது நாங்கள்தான். கால் அசையாமல் கிடந்தால்தான் கட்டி பிடிக்க வாய்ப்பு அதிகம். படுக்கையிலேயே பாத்திரம் வைத்திருந்தாலும் அந்தக் கட்டி புறப்பட்டிருக்கலாம். திரும்பிப் படுக்கும்போதும் புறப்படும். நீங்கள் செய்தது நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான். மூச்சு முட்டுகிறது என்றதும் 'கொஞ்சம் படுங்க, சரியாயிடும்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐ.சி.யு.வில் ஆக்சிஜன் முகமூடியைப் போடப் போன நர்ஸின் கையை விலக்கி அம்மா சொன்னது இது: "புள்ள பயந்துட்டா, அவளப் போய்ப் பாருங்க." அந்த நர்ஸே என்னிடம் சொன்னார், உங்களிடம் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

முருகேசன், ஊரில் நாலு பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வயசான காலத்தில் எதற்கு ஆபரேஷன், தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்திருப்பாளே, மகன்தான் பிடிவாதம் பிடித்தான். நீங்களும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏனென்றால் மே மாதம் நீங்கள் அம்மாவை அழைத்து வந்தபோது பேசியதெல்லாம் நீங்கள்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று உங்களை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினேன். ஆபரேஷனுக்குத் தகுதி பார்க்க வருகிற வயதானவர்கள் எல்லோரிடமும் நான் அப்படிச் செய்வேன். பிள்ளைகளுக்காகத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. "உங்களுக்கு இஷ்டமா, மகன் சொல்கிறார் என்பதற்காகவா?" என்று கேட்டேன். "அவன் சொல்லலேன்னாலும் நானே கேட்டிருப்பேன் டாக்டரம்மா. இருபத்தெட்டு வருசம் பள்ளிக்கூடத்துல பெரிய பெரிய சட்டியை எறக்குன காலு. இப்போ கக்கூசுக்குப் போக ஒருத்தர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கு. எனக்கு அது ஆகாது" என்றார். ஆபத்து உண்டு என்பதையும் சொன்னேன். மயக்க மருந்து, கிருமித் தொற்று, இரத்தக்கட்டி, ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படுத்தே கெடக்குறதுக்கு இது தேவலாம்" என்றார். உங்களிடம் அதை அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. முடிவு அவருடையது. நீங்கள் பணத்தைப் புரட்டினீர்கள், கூட நின்றீர்கள். மகன் செய்ய வேண்டியது அதுதான்.

உடல்தகுதி பார்த்து ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்தவள் நான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, இதயம் நன்றாக இருந்தது. அதே தாள்களை இன்று கையில் கொடுத்தாலும் அதே கையெழுத்தைத்தான் போடுவேன். அப்படிச் சொல்வதால் மனசு லேசாகிவிடவில்லை.

எதிர்பாராத இறப்பு எதுவானாலும் மருத்துவமனையில் நாங்கள் உட்கார்ந்து ஆதியோடந்தமாகப் பார்ப்போம். ஆபரேஷன் செய்த எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், நர்ஸுகள், நான், எல்லோரும் இருந்தோம். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் போடும் ஊசி ஒருநாளும் தவறவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பதிவேடே தேவையில்லை. "நேத்து எடது பக்கம், இன்னைக்கு வலது பக்கம்" என்று ஊசியோடு வருகிறவர்களுக்கு அம்மாவே கணக்குச் சொல்லிவிடுவார். சத்துணவில் முட்டை எண்ணிய பழக்கம் போலிருக்கிறது. காலுறையையும் கழற்றவில்லை. ஆபரேஷன் செய்த காலில் வீக்கம் எல்லோருக்கும் இருக்கும், அவருக்கும் இருந்தது; முந்தின நாள் மாலை கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தபோது வலி இல்லை என்றார். இந்த ஊசியும் காலுறையும் நடையும் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்கிவிடாது. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்கிற நூறு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி உயிர் போவதில்லை. இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் வைத்து என்ன செய்ய? உங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அம்மா.

அவரது சிகிச்சைப் பதிவேடுகளின் நகல் உங்களுக்கு உரிமையானது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. வேறொரு மருத்துவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன். யாராவது உங்களைத் தடுத்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

முருகேசன், கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் தங்கையிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இரத்தக்கட்டி பெரும்பாலும் ஆபரேஷனால் வருவது. பரம்பரையாக வருவது குறைவு. உங்களுக்கும் தங்கைக்கும் இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆனால் பின்னால் என்றைக்காவது பெரிய ஆபரேஷன், நீண்ட நாள் படுக்கை, தங்கைக்குப் பிரசவம் அல்லது கருத்தடை மாத்திரை என்று வந்தால், அம்மாவுக்கு இப்படி ஆனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அம்மா இருந்த ஆறு நாளும் வார்டில் கலகலப்புதான். சாம்பாரில் பருப்பு காணாது என்று கேன்டீன்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். ரவுண்ட்ஸ் வந்தால் நான் கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டியளா டாக்டரம்மா?" என்று அவர் கேட்பார். இல்லை என்றால் விட மாட்டார். பயிற்சி நர்ஸ் ஒரு பெண் தான் படித்த பள்ளியைப் பற்றி அம்மாவிடம் பேச, அதே பள்ளியில்தான் இவர் சமைத்தார் என்று தெரிந்தது; அந்தப் பெண் மூன்று நாள் எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா போன அன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், வேலை செய்ய முடியவில்லை.

செல்வராணி, உங்களுக்குத் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், அந்தக் காலை நேரமே திரும்பத் திரும்பக் கண்ணில் வந்துகொண்டிருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். நாள் போகப் போகக் குறையாவிட்டால் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. கூச்சப்பட ஒன்றும் இல்லை. முருகேசன், உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

கேள்விகள் இன்னும் இருக்கும். இப்போது இல்லாவிட்டாலும் ஆடி, ஆவணியில் வரும். ஞாயிறு தவிர எந்த நாளும் மதியம் 2 மணிக்கு மேல் நான் சும்மா இருப்பேன். சீட்டுப் போட வேண்டாம், கட்டணம் கிடையாது. நேராக என் அறைக்கு வாருங்கள். தங்கை வந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரும் உங்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், அவரை இருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
டாக்டர் க. மீனாட்சி
பொது மருத்துவர்