மதமாற்றத்துக்கு வரிசை உண்டா?

1965இல் சமூகவியலாளர்கள் ஜான் லோஃப்லாண்டும் ரோட்னி ஸ்டார்க்கும் அமெரிக்காவில் ஒரு சிறு புதிய மதக் குழுவைக் கவனித்து, மதம் மாறுவதற்கு ஏழு நிபந்தனைகளைச் சொன்னார்கள். தீராத மன இறுக்கம், அதற்கு மதத்தில் விடை தேடும் பழக்கம், தன்னைத் தேடுபவராகக் கருதுதல், வாழ்க்கையில் ஒரு திருப்பம், குழுவினரோடு பாசம், குழுவுக்கு வெளியே உள்ள உறவுகள் தளர்தல், குழுவினரோடு தீவிரமாகப் பழகுதல். ஒன்றன்மேல் ஒன்றாக இவை சேரச் சேர ஆள் முழுமையாக மாறுகிறார் என்பது வாதம். லூயிஸ் ரேம்போ 1993இல் மதமாற்றத்தைச் சூழல், நெருக்கடி, தேடல், சந்திப்பு, ஊடாட்டம், அர்ப்பணிப்பு, விளைவு என்று ஏழு கட்டங்களாக வகுத்தார். கட்டங்கள் முன்பின்னாக வரலாம் என்று அவரே எச்சரித்திருக்கிறார். பாடக்குறிப்புகள்தான் அதை விட்டுவிட்டு ஏணியாக்கிவிட்டன.

பாபநாசம் பக்கத்து ஜெபவீடு ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் சாட்சி சொன்னார். கடன், கணவரின் குடி, ஆஸ்பத்திரியில் கைவிரித்தது, ஒரு சகோதரி வந்து ஜெபித்தது, சுகமானது, ஞானஸ்நானம். ரேம்போவின் கட்டங்கள் அப்படியே இருந்தன. கூட்டம் கலைந்தபின் செருப்பைத் தேடிக்கொண்டே பேசியபோது கதை வேறாக வந்தது: "நடவுக்குப் போற எடத்துல மேரியக்கா கூடவே இருப்பாங்க. வான்னாங்க, வந்தேன். மேலுக்கு முடியாமப் போனதெல்லாம் அதுக்கப்புறந்தான்."

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. மாறியவரின் கதை, அவர் சேர்ந்த குழு கற்றுத்தரும் வடிவில்தான் வெளிவரும் என்று யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரிடையே ஆய்வு செய்த ஜேம்ஸ் பெக்ஃபோர்ட் 1978இல் காட்டினார். அப்படியானால் நெருக்கடி மாற்றத்துக்குக் காரணமா, மாறியபின் கிடைத்த விளக்கமா? பின்னோக்கிச் சொல்லும் பேட்டியை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய வழியில்லை. கட்ட மாதிரிகள் மீதுள்ள மற்றக் குறைகளைவிட இதுவே எனக்குக் கனமாகப் படுகிறது. 1980இல் டேவிட் ஸ்நோவும் சிந்தியா பிலிப்ஸும் அமெரிக்காவிலுள்ள, ஜப்பானிலிருந்து வந்த நிச்சிரென் பௌத்தப் பிரிவினரிடம் லோஃப்லாண்ட்–ஸ்டார்க் மாதிரியைச் சோதித்தபோது உறுதியாகத் தேறியவை குழுவினரோடு பாசம், அவர்களோடு தீவிரமாகப் பழகுதல் இரண்டுமே. மேரியக்கா தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

திருப்புகலூரில் முக்தியடைந்த அப்பர் நமக்கு நெருக்கமான சான்று. வயிற்றைப் பிசைந்த வலியை அவர் பதிகமே சொல்கிறது. சமணத்திலிருந்து திரும்பியதை, தமக்கை திலகவதியாரின் வேண்டுதல், சூலை, திருவதிகை எனக் கோத்து முழுக்கதையாக விரித்தவர் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த சேக்கிழார். வரிசையில் எவ்வளவு அப்பருடையது, எவ்வளவு சேக்கிழாருடையது? அக்காவின் பாசம் மட்டும் ஸ்நோ–பிலிப்ஸ் பட்டியலோடு பொருந்திப்போகிறது.

இன்னொரு சிக்கல், ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்று இம்மாதிரிகள் நினைப்பது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் மொட்டை போடும் இந்துக் குடும்பங்களும், நாகூர் தர்காவில் நேர்ந்துகொள்பவர்களும் நெருக்கடி, தேடல், சந்திப்பு மூன்றையும் கடந்தவர்கள்தான். ஆனால் வீடு திரும்பி, ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் காதோலை கருகமணி விடுகிறார்கள். இவர்களைப் பாதியில் நின்றவர்கள் என்று குறித்தால் பிழை குறிப்பவருடையது.