பணி விலகல் கடிதம்

துபாய்,
30.04.2025

அனுப்புநர்: க. செல்வம், ஏசி டெக்னீஷியன், பராமரிப்புப் பிரிவு
பெறுநர்: நிர்வாக மேலாளர் அவர்கள்

பொருள்: வேலையிலிருந்து விலகுதல், கணக்கு முடித்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் வேலையை ராஜினாமா செய்கிறேன். ஒப்பந்தப்படி 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். 31.05.2025 எனது கடைசி வேலை நாள். அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான்தான் இருக்க வேண்டும். அதனால் இந்த முடிவை மாற்றுவதற்கில்லை.

02.05.2018 அன்று வேலையில் சேர்ந்தேன். 2020இல் கொரோனா சமயத்தில் சம்பளமில்லாமல் இருந்த 30 நாட்களைக் கழித்தால் சேவை சரியாக 7 வருடம். அடிப்படைச் சம்பளம் 1,800 திர்ஹாம், அதாவது நாளுக்கு 60. கிராஜுவிட்டி முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் வீதம் 6,300, அடுத்த 2 வருடத்துக்கு 30 நாள் வீதம் 3,600, ஆக 9,900 திர்ஹாம். ராஜினாமா செய்தால் பாதிதான் கிடைக்கும் என்று கேம்பில் இன்னமும் சொல்கிறார்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தில் (2021இன் 33ஆம் எண் சட்டம்) அப்படிக் குறைப்பு இல்லை. ஆகவே முழுத் தொகையையும் கேட்கிறேன்.

எடுக்காத லீவு 18 நாளுக்கு 1,080 திர்ஹாம் வர வேண்டும். மார்ச் மாத ஓவர்டைம் 32 மணி நேரத்துக்கு 300 திர்ஹாம் இன்னும் வரவில்லை. ஃபோர்மேன் கையெழுத்திட்ட டைம்ஷீட் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மே மாதச் சம்பளம் 2,600 திர்ஹாமையும் சேர்த்தால் மொத்தம் 13,880. சட்டப்படி கடைசி வேலை நாளிலிருந்து 14 நாளுக்குள், அதாவது ஜூன் 14க்குள், இதைக் கொடுத்துவிட வேண்டும். என் சம்பள அக்கவுண்டிலேயே போட்டுவிடுங்கள்.

முன்பு ஊருக்குப் போன சிலர் பணம் கைக்கு வரும் முன்பே "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் போன் போட்டு அலைந்தார்கள். அதனால் கணக்கை எழுத்தில் காட்டி, பணம் ஏறிய பிறகே கையெழுத்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விசா கேன்சல் பேப்பருக்கும் அதுவே.

ஆபீஸில் இருக்கும் என் பாஸ்போர்ட்டை இந்த வாரமே தர வேண்டும். ஆஃபர் லெட்டரில் உள்ளபடி திருச்சிக்கு டிக்கெட்டும், அனுபவச் சான்றிதழும் வேண்டும்.

கேஜ் செட், வேக்குவம் பம்ப், கிளாம்ப் மீட்டர் மூன்றையும் ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறேன்; பிறகு அதற்கென்று பிடித்தம் வரக்கூடாது. மொட்டை மாடி சில்லர் இரண்டில் ஒன்றில் கம்ப்ரசர் அடிக்கடி டிரிப் ஆகிறது. கோடை உச்சத்துக்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். என் இடத்துக்கு வருபவரை மே முதல் வாரமே அனுப்பினால் கூடவே நின்று காட்டிக்கொடுக்கிறேன்.

வேலை தெரியாமல் வந்த எனக்குக் கற்றுக்கொடுத்த ஃபோர்மேனுக்கும் தங்களுக்கும் என் நன்றி.

இந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செல்வம்

இணைப்பு: ஒப்பந்த நகல், ஆஃபர் லெட்டர் நகல், மார்ச் டைம்ஷீட்