மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்வது பற்றி: மூன்று பிளாக் குடியிருப்போருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்ங்க.

வரும் ஆகஸ்ட் 22 சனி, 23 ஞாயிறு இரண்டு நாளும் நம் வடவள்ளி குடியிருப்பின் ஆறு மொட்டைமாடி டேங்க்கையும் இரண்டு சம்ப்பையும் கழுவப் போகிறோம். இனி வருடத்துக்கு இரண்டு முறை, ஆடி முடிந்ததும் ஒன்று, மாசியில் ஒன்று. "ஏனுங்க, வருசத்துக்கு ஒருக்கா போதாதுங்களா, குழாயில் தண்ணி பளிச்சுனுதானே வருது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வாரம் ஆட்களோடு நானும் மேலே ஏறி 2-வது பிளாக் போர் தண்ணி டேங்க்கைத் திறந்து பார்த்தேன். குழாயில் பளிச்சென்று வருவதற்குக் காரணம் டேங்க் சுத்தமாக இருப்பது இல்லை. தண்ணீர் இறங்கும் குழாயை அடியிலிருந்து நாலு விரற்கடை உயர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே போரிலிருந்து வந்த மணல், சுண்ணாம்பு, துரு எல்லாம் சேர்ந்து குழம்பு மாதிரி கிடக்கிறது. மோட்டார் ஓடாத நாளில் மட்டம் இறங்கினாலோ, காலி டேங்க்கில் திடீரென்று தண்ணீர் விழுந்து கலக்கினாலோ அந்தக் கசடுதான் உங்கள் ஷவருக்கும் வாஷிங் மெஷின் வடிகட்டிக்கும் வருகிறது. ஹீட்டர் அடிக்கடி போகிறது என்று சொல்பவர்கள் உப்புத் தண்ணியைத் திட்டுகிறீர்கள், அது நியாயம்தான், ஆனால் இந்தக் கசடுக்கும் அதில் பங்கு உண்டு.

பாசிக்கு வெயில் வேண்டும். மூடி விரிசல் விட்டிருந்தாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ அந்த இடுக்கில் விழும் வெளிச்சம் போதும், உள்சுவரில் வழவழவென்று பச்சை ஏறிவிடும். பாசி இருந்தால் நாற்றம் வரும் என்பது ஒன்று. பெரிய விஷயம் என்னவென்றால், நல்ல தண்ணியில் கலந்து வரும் குளோரின் கிருமியைக் கொல்வதற்கு முன்பே இந்தப் பாசியிலும் கசடிலும் செலவாகித் தீர்ந்துவிடுகிறது, அந்த வழவழப்புக்குள்ளேயே கிருமியும் பத்திரமாக ஒட்டிக்கொண்டு இருக்கும். சிறுவாணித் தண்ணி என்று ஊரே பெருமைப்படுகிறோம், சரி, அதுவும் நம் டேங்க்கில் ஒரு வாரம் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் தேங்கிய தண்ணீர். டெங்கு கொசு சாக்கடைக்குப் போகாது, நாம் மூடாமல் வைத்திருக்கும் நல்ல தண்ணியில்தான் முட்டையிடும், அதுவும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டால் பொரிந்து பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பினால் பிரயோசனம் இல்லை, சுவரைத் தேய்த்தே ஆக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மூடியைத் தள்ளிப் புழுதியைக் கொட்டிவிட்டுப் போகிறது, அடுத்து ஐப்பசி மழை, அதனால்தான் இந்த மாதம். மாசியில் கழுவுவது கோடை வெயிலில் பாசி ஏறுவதற்கு முன்னால்.

சனிக்கிழமை முதலில் சம்ப் இரண்டும், பிறகு 1-வது பிளாக். கீழே அழுக்கை வைத்துக்கொண்டு மேலே கழுவினால் அதே அழுக்கைத்தான் மோட்டார் போட்டு ஏற்றுவோம். ஞாயிறு மற்ற இரண்டு பிளாக். அந்தந்த பிளாக்குக்குக் காலை 8 முதல் மாலை 4 வரை தண்ணீர் இருக்காது, முந்தின நாளே குடத்திலும் பக்கெட்டிலும் பிடித்து மூடி வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு மோட்டார் போட மாட்டோம், இருக்கும் தண்ணீர் செலவாகட்டும், மிச்சம் தென்னைக்குப் போகும்.

ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் போகும் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய டேங்க்குக்குள் ஆள் இறங்கி நிற்கிறார். பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் கரைசல் பூசி அரை மணி நேரம் விட்டு, கழுவி வடிப்பார்கள். உள்ளே ஒருவர் இருந்தால் மூடி அருகில் ஒருவர் நிற்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறப்போம். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு 9,600 ரூபாய், 48 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 200. பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துவிடுகிறேன். உடைந்த மூடி மூன்றையும் இத்தோடு மாற்றுகிறோம், அது சங்கத்துப் பணம். மொட்டைமாடியில் துணி காயப்போடுபவர்கள் அந்த இரண்டு நாள் மட்டும் வேண்டாம், மூடி மேல் வடகத் தட்டு வைப்பவர்கள் என்றைக்குமே வேண்டாம்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பவர்கள் திரும்பி வந்ததும் எல்லாக் குழாயையும் சற்று நேரம் திறந்துவிடுங்கள், டேங்க் புதிதானாலும் உங்கள் பைப்பில் நிற்பது பழைய தண்ணீர்தான்.

செயலாளர்
குடியிருப்போர் சங்கம்
ஆகஸ்ட் 14