ஆட்டோமேஷன் டெஸ்டர் பணிக்கு விண்ணப்பக் கடிதம்

ஈசூன், சிங்கப்பூர்
12 ஜனவரி 2026

பணியமர்த்தும் குழுவினருக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான உங்கள் தமிழ் வாசிப்புச் செயலிக்கு ஆட்டோமேஷன் டெஸ்டர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். கடிதம் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷமாக பக் ரிப்போர்ட்டை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய கை இது. ஆங்காங்கே தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மேனுவல் டெஸ்டர். இப்போதைய வேலையில் என் பதவிப் பெயரில் ஆட்டோமேஷன் என்ற சொல் கிடையாது. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் 2014இலிருந்து இருக்கிறேன். கடந்த ஒன்றரை வருஷமாக அங்கேயே, வழக்கமான வேலைக்கு நடுவில், ஆட்டோமேஷனும் எழுதி ஓட்டிவருகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ரிலீஸுக்கு முந்தைய இரண்டு நாள் ஒரே ஸ்கிரீனை நூறாவது தடவை கிளிக் செய்து அலுத்துப்போய் நானே ஆரம்பித்தேன்.

மேனுவல் வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2024 ஜனவரி 1 அன்று பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9க்கு ஏறியது நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதம் எங்கள் குழு எழுதிய டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் புதிய விற்பனையைப் பற்றியவை. எல்லாம் பாஸ். டிசம்பர் கடைசி வாரத்தில், தேதியை மாற்றிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் யோசனை: கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்று ஜனவரியில் திருப்பிக் கொண்டுவந்தால்? வரியோடு 54 வெள்ளிக்கு ஒரு டிசம்பர் ரசீது போட்டு, ஜனவரியில் ரிட்டர்ன் செய்தேன். வரி 4 வெள்ளி என்று வரவேண்டிய இடத்தில் 4.46 என்று வந்தது. பழைய விற்பனைக்குப் புது விகிதத்தைப் போட்டுவிட்டது. வாடிக்கையாளர் கையில் போகும் தொகை 54 வெள்ளிதான், அதில் மாற்றமில்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. கடைக்காரரின் வரிக் கணக்கில்தான் 46 காசு இடிக்கும். ஒரு சட்டைக்கு 46 காசு என்றால் சீனப் புத்தாண்டு நேரத்தில் எத்தனை ரிட்டர்ன் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 54 வெள்ளி ரசீதுதான் பின்னால் நான் எழுதிய முதல் ஆட்டோமேஷன் டெஸ்ட்.

எங்கள் ரிக்ரெஷன் பட்டியலில் 212 வரிகள் இருந்தன. மூன்று பேர் உட்கார்ந்தால் இரண்டரை நாள். எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்யும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் பட்டியலை உட்கார்ந்து படித்தபோது, பாதிக்குமேல் ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் சொல்லும் வரிகள், சில வரிகள் எப்போதோ எடுத்துவிட்ட ஸ்கிரீனைப் பற்றியவை. முதலில் 40 வரிகளை அழித்தேன், அதற்கே ஒரு சண்டை நடந்தது. அப்புறம், உடைந்தால் காசு போகும் இடங்களை மட்டும் எடுத்து 20 டெஸ்ட் எழுதினேன். இன்றைக்கு 61 இருக்கின்றன. பிளேரைட், டைப்ஸ்கிரிப்ட். தினமும் இரவு ஓடி 14 நிமிஷத்தில் முடிகிறது. ரிலீஸுக்கு முன் மூன்று பேர் உட்காருவது இன்னும் தொடர்கிறது, ஆனால் ஒரு நாள்தான்.

சொதப்பிய கதையையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் என் டெஸ்ட்களில் எங்கு பார்த்தாலும் `waitForTimeout(5000)`. பக்கம் வர நேரமாகிறதா, ஐந்து வினாடி காத்திரு. அலுவலகத்தில் பாஸ், சர்வரில் ஃபெயில். டெவலப்பர்கள் என் ரிப்போர்ட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள், அதில் அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு வாரம் புது டெஸ்ட் எழுதாமல், காத்திருப்பை எல்லாம் எடுத்துவிட்டு, திரையில் எது தெரியவேண்டுமோ அதை எதிர்பார்க்கும்படி மாற்றினேன். லொக்கேட்டர்களையும் நீளமான சிஎஸ்எஸ் பாதையிலிருந்து `getByRole`க்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு டெஸ்ட் மட்டும் அடம்பிடித்தது. 'இன்றைய விற்பனை' அறிக்கை. பகலில் நான் ஓட்டினால் பாஸ், இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும்போது ஃபெயில். பைப்லைன் சர்வர் யூடிசி நேரத்தில் இருக்கிறது, நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். நமக்கு இரவு இரண்டு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஆறு. கண்டுபிடித்துவிட்டேன் என்று கன்ஃபிகில் `timezoneId: 'Asia/Singapore'` போட்டேன். மறுநாளும் ஃபெயில். அது பிரவுசரின் நேரத்தை மட்டும் மாற்றும், தேதியைக் கணக்கிடும் என் டெஸ்ட் கோடு ஓடுவது நோடில் என்பது புரிய இன்னொரு நாள் ஆயிற்று. `TZ=Asia/Singapore` என்று சர்வரிலும் வைத்த பிறகுதான் அடங்கியது. மூன்று நாள் போன கடுப்பு இருந்தாலும், பிரவுசர் எது, டெஸ்ட் ரன்னர் எது என்ற வித்தியாசத்தை எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொள்ளவில்லை.

இனி உங்கள் செயலிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். போன வருஷம் டேப்லெட்டில் ஒரு பயிற்சி செய்துகொண்டிருந்தவள் அழாக்குறையாக வந்தாள். 'கொடி' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள், மென்பொருள் தவறு என்றது. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், இரண்டும் ஒன்றேபோல் இருந்தன. அவள் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டியிருக்கிறாள். விடைத்தாளில் இருந்தது 'ொ' என்ற ஒற்றைக் குறி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

```js
const a = 'க\u0BCAடி';
const b = 'க\u0BC6\u0BBEடி';
a === b                                    // false
a.normalize('NFC') === b.normalize('NFC')  // true
```

அந்த ராத்திரி ஆரம்பித்ததுதான் என் சொந்த ப்ராஜெக்ட். தமிழ் உள்ளீட்டைப் பெறும் எந்தப் பக்கத்தையும் சோதிக்க, வம்பான சொற்கள் அடங்கிய ஒரு சின்னத் தொகுப்பு. 'தமிழ்' என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டில் `length` கேட்டால் 5 என்று வரும், மூன்று எழுத்து என்று முதல் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். `Intl.Segmenter` வைத்து எண்ணினால் 3 கிடைக்கிறது. சரி, முடிந்தது என்று நினைத்தால் 'க்ஷ' வந்து நிற்கிறது. அதை அது இரண்டாக எண்ணுகிறது. எழுத்தை எண்ணும் விளையாட்டு உங்கள் செயலியில் இருப்பதைப் பார்த்தேன், 'பக்ஷி' கொடுத்து முயன்று பாருங்கள்.

இதைவிடச் சங்கடமானது ஔகாரம். 'பௌர்ணமி' என்பதை நிறையப் பேர் ப, கொம்பு, அப்புறம் ளகரம் என்று தட்டிவிடுகிறார்கள். திரையில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. இதற்கு `normalize` உதவாது, ஏனென்றால் கணினிக்கு அது நிஜமாகவே வேறு சொல். பிள்ளைக்கு மதிப்பெண் கொடுப்பதா வேண்டாமா? டெஸ்டர் தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது, ஆசிரியரைக் கேட்க வேண்டும். அதனால் என் தொகுப்பில் அதை ஃபெயில் என்று காட்டாமல் தனி எச்சரிக்கையாக வைத்திருக்கிறேன். உங்கள் குழுவில் தமிழாசிரியர் இருக்கிறார் என்று விளம்பரத்தில் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் சான்றிதழ் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் ஒரு பகுதியைச் செலவழித்து, வார இறுதி வகுப்பில் செலினியமும் ஜாவாவும் படித்தேன். ஜாவா ஒட்டவில்லை. பேஜ் ஆப்ஜெக்ட் எதற்கு என்பது மட்டும் நன்றாக மனதில் நின்றது. ஜாவாஸ்கிரிப்டை நானே படித்தேன், பெரும்பாலும் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில், மகளின் துணைப்பாட வகுப்பு முடியும்வரை கிடைத்த இரண்டு மணி நேரங்களில். கிட், புல் ரிக்வெஸ்ட் எல்லாம் எங்கள் டெவலப்பர்களிடம் திட்டு வாங்கியே பழகியது. இப்போது என் கோடை அவர்கள் ரிவ்யூ செய்கிறார்கள், அவர்கள் மாற்றங்களில் டெஸ்ட் எங்கே என்று நானும் கேட்கிறேன்.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். ஏபிஐ டெஸ்ட்கள் எழுதுவேன். அப்பியத்தை என் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, ஐபேடில் தொட்டதில்லை. உங்கள் பயனீட்டாளர்களில் பலர் டேப்லெட்டில்தான் இருப்பார்கள் என்பதால் இது சின்ன இடைவெளி இல்லை என்று எனக்குத் தெரியும், முதல் மூன்று மாதத்தில் இதைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். பைப்லைனை முதலிலிருந்து கட்டியதில்லை, இருப்பதைத் திருத்தியிருக்கிறேன். பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் செய்ததில்லை.

உங்கள் விளம்பரத்தில் 'மூன்றாண்டு ஆட்டோமேஷன் அனுபவம்' என்று இருந்தது. என்னிடம் அதில் பாதிதான் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் செயலியின் இலவசப் பகுதியை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று முடிவெடுத்தேன். அன்று கண்ணில் பட்ட ஏழு விஷயங்களை, எப்படி வரவைப்பது என்ற படிகளோடு இணைத்திருக்கிறேன். அதில் நான்கை ஆட்டோமேட் செய்யலாம். மீதி மூன்றுக்கு ஆள்தான் பார்க்க வேண்டும். பழைய டேப்லெட்டில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தெரிகிற மாதிரியான விஷயங்கள் அவை. ஸ்கிரீன்ஷாட் ஒப்பீட்டில் பிடிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் படம் வைத்துப் பராமரிக்கிற செலவுக்கு அது தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம். நேரில் பேசினால் இதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க ஆசை.

இப்போதைய வேலையில் ஒரு மாத நோட்டீஸ். நேர்முகத்துக்கு வார நாட்களில் மாலை ஆறுக்குமேல் வரமுடியும், சனிக்கிழமை என்றால் எந்த நேரமும் சரி. லேப்டாப்பைக் கொண்டுவருகிறேன். அலுவலக டெஸ்ட்களைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை, என் தமிழ்த் தொகுப்பை உங்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறேன். நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லையும் அதில் அங்கேயே சேர்த்துப் பார்க்கலாம்.

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, ஏழு பக் ரிப்போர்ட்கள்.

இப்படிக்கு,
கவிதா